பெயருக்கு முன்னால் பொருள்

மதுரையில் ஒருவர் ‘தாழை’ என்ற பெயரில் இணையத்தில் சுங்குடிச் சேலைக் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முகப்புப் பக்கத்தின் தலைப்பில் பெரும்பாலும் என்ன இருக்கும்? ‘முகப்பு – தாழை’. கடை அமைத்துத் தரும் மென்பொருள் தானாகப் போட்டது; யாரும் மாற்றவில்லை.

கூகுளில் ‘தாழை’ என்று தேடுபவருக்கு வேண்டியது தாழம்பூ. சேலை வாங்க வருபவரோ ‘மதுரை சுங்குடி சேலை’ என்றுதான் தட்டுவார். அந்தச் சொற்கள் தலைப்பில் இல்லையென்றால், பக்கம் எதைப் பற்றியது என்பதற்கான முக்கியமான தடயம் ஒன்று போய்விடுகிறது. ஆகவே பொருள் முன்னே, பெயர் பின்னே:

```
<title>மதுரை சுங்குடிச் சேலைகள் – கைமுடிச்சு | தாழை</title>
```

பெயர் கடைசிக்குப் போகிறதே என்று முதலாளிக்கு மனசு கேட்காதுதான். ஆனால் தேடல் முடிவில் தளத்தின் பெயரைத் தலைப்புக்கு மேலே தனியாகக் காட்டும் வழக்கத்தை 2022-இல் கூகுள் கொண்டுவந்துவிட்டது.

இன்னொரு கோடிக்கும் போகக்கூடாது. ‘சேலை, புடவை, பட்டு, காட்டன், மலிவு விலை’ என்று அடுக்கினால், கூகுள் அதை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தின் பெரிய எழுத்துத் தலைப்பிலிருந்து வேறொன்றை எடுத்துப் போடலாம். நீளமானால் கைப்பேசியில் வால் வெட்டுப்படும்.

மாற்றியது தெரிய சில நாள், சில வாரம்கூட ஆகும். சர்ச் கன்சோலில் எந்தச் சொற்களுக்குப் பக்கம் தோன்றியது என்று பார்க்கலாம். ‘சுங்குடி’ அங்கே வரத் தொடங்கினால் தலைப்பு வேலை செய்கிறது. பெரிய கடைகளைத் தாண்டி முதல் பக்கத்துக்கு ஏற்றிவிட தலைப்பால் மட்டும் முடியாது.