இரண்டு வரிசைகளுக்கு நடுவே

பொறியியல் அட்டவணைகளில் எல்லா மதிப்புகளும் இருப்பதில்லை. சில குறிப்பிட்ட இடங்களுக்கு மட்டும் விடையைக் கணக்கிட்டு அச்சிட்டிருப்பார்கள். வேலையில் வரும் எண்ணோ பெரும்பாலும் இரண்டு வரிசைகளுக்கு நடுவில்தான் வந்து விழும். பக்கத்துப் பக்கத்து இரண்டு வரிசைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டின் மீது நடுவிலுள்ள மதிப்பைப் படிக்கும் முறைக்கு நேர்கோட்டு இடைச்செருகல் என்று பெயர். சிவில் பொறியாளர்கள் இதை இன்டர்போலேஷன் என்பார்கள்.

இந்தியாவில் கான்கிரீட் கட்டடங்களை வடிவமைப்பவர்கள் பின்பற்றும் IS 456:2000 விதிநூலின் 19ஆம் அட்டவணை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பீமைக் குறுக்காக வெட்டப் பார்க்கும் விசையை, ரிங் கம்பிகளின் துணையில்லாமல் கான்கிரீட் எவ்வளவு தாங்கும் என்று அது சொல்கிறது. அந்த வலிமை பீமின் நீளவாக்கில் ஓடும் இழுவிசைக் கம்பிகளின் அளவைப் பொறுத்தது. கம்பி கூடினால் வலிமை கூடும். M20 கான்கிரீட்டுக்கு, கம்பியின் பரப்பு 0.50 விழுக்காடாக இருந்தால் வலிமை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.48 நியூட்டன், 0.75 விழுக்காட்டுக்கு 0.56. இந்த இரண்டுக்கும் இடையில் வரிசை எதுவும் இல்லை.

அகலம் 230 மி.மீ., பயனுறு ஆழம் 400 மி.மீ. கொண்ட ஒரு வீட்டு பீமை எடுத்துக்கொள்ளலாம். அடியில் 16 மி.மீ. கம்பி மூன்று. மூன்றின் பரப்பு 603 சதுர மி.மீ. அதை 230 × 400 = 92,000 சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் 0.655 விழுக்காடு வருகிறது. கீழ் வரிசையான 0.50இலிருந்து இது 0.155 தள்ளி இருக்கிறது. இரு வரிசைகளுக்கும் உள்ள மொத்த இடைவெளி 0.25. ஆகவே வழியில் 0.155 ÷ 0.25 = 0.62 பங்கு கடந்தாயிற்று. வலிமையும் அதே பங்கு கூடியிருக்கும் என்று கொள்வதுதான் முறையின் சாரம். வலிமையின் இடைவெளி 0.08, அதில் 0.62 பங்கு ஏறக்குறைய 0.05. கீழ் வரிசையின் 0.48உடன் கூட்டினால் விடை 0.53.

இந்த வேறுபாடு கம்பிக் கணக்கில் நேராக இறங்குகிறது. அந்த பீமின் மீது 110 கிலோநியூட்டன் வெட்டு விசை வருகிறது என்று வைத்துக்கொண்டால், 0.53 என்ற வலிமையில் கான்கிரீட் 48.8 கிலோநியூட்டனை ஏற்கும், மீதி 61.2 கிலோநியூட்டனை ரிங்குகள் தாங்க வேண்டும். கீழ் வரிசையின் 0.48ஐ அப்படியே எடுத்தால் ரிங்குகளின் பங்கு 65.8 ஆகிறது. கம்பி கொஞ்சம் வீண், ஆனால் ஆபத்தில்லை. மேல் வரிசையின் 0.56ஐ எடுத்தால் அது 58.5ஆகக் குறைந்து, தேவையைவிடக் குறைவான ரிங்குகளே போடப்படும். இந்தத் தவறுதான் உண்மையில் அஞ்சத்தக்கது. கணக்குப் போட நேரமில்லாதவர் கீழ் வரிசையை எடுப்பதே சரி. 'அருகில் இருக்கிறதே' என்று 0.75ஆம் வரிசைக்குத் தாவக்கூடாது.

நேர்கோடு எவ்வளவு நம்பத்தக்கது? இந்த அட்டவணைக்குப் பின்னால் ஒரு வளைவான சூத்திரம் இருக்கிறது. இந்தியத் தர நிறுவனத்தின் SP 16 கையேட்டில் அதைக் காணலாம். 0.655 விழுக்காட்டை அந்தச் சூத்திரத்தில் இட்டால் 0.532 வருகிறது. நேர்கோடு தருவது 0.530. வித்தியாசம் மிகச் சிறியது, அதுவும் குறைவான பக்கத்தில். கம்பி கூடக்கூட வலிமை ஏறும் வேகம் தணிகிறது; அப்படி மேல்நோக்கி வளைந்த கோட்டில் இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால், அந்தக் கோடு எப்போதும் வளைவுக்குக் கீழேதான் ஓடும். வலிமையைக் குறைத்து மதிப்பிடுவதால் பிழை பாதுகாப்பான பக்கம் விழுகிறது.

எல்லா அட்டவணையும் இப்படி வளைவதில்லை. நீராவி அட்டவணையில் 100 டிகிரி செல்சியஸில் அழுத்தம் 101.4 கிலோபாஸ்கல், 110 டிகிரியில் 143.4. நடுவிலுள்ள 105 டிகிரிக்கு நேர்கோடு 122.4 என்கிறது; உண்மையான மதிப்பு 120.9. வெப்பம் ஏற ஏற அழுத்தம் இன்னும் வேகமாக ஏறுவதால் இங்கே நேர்கோடு வளைவுக்கு மேலே ஓடுகிறது. ஆகவே பிழையின் அளவோடு அதன் திசையையும் பார்க்க வேண்டும். வரிசைகளின் நெருக்கமும் முக்கியம்: இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை ஏறக்குறைய கால் பங்காகிவிடும். இடைவெளி பெருகினால் பிழை அதே வேகத்தில் வளரும். 19ஆம் அட்டவணையில் நடு வரிசைகளை விட்டுவிட்டு 0.25இலிருந்து 1.00 வரை ஒரே கோடு இழுத்தால், 0.50க்கு 0.48 வர வேண்டிய இடத்தில் 0.45தான் வரும்.

அட்டவணையின் இரு முனைகளுக்கும் வெளியே கோட்டை நீட்டக்கூடாது. 0.15 விழுக்காட்டுக்குக் கீழே எவ்வளவு குறைந்தாலும் M20க்கு 0.28, 3.00க்கு மேலே எவ்வளவு கூடினாலும் 0.82. இதை விதிநூலே அந்த வரிசைகளில் சொல்லிவிடுகிறது.

இப்போது இந்தக் கணக்கு பெரும்பாலும் எக்செல் தாளில்தான் நடக்கிறது. VLOOKUP சார்பைத் தோராயப் பொருத்தத்தில் போட்டால் அது கீழ் வரிசையின் மதிப்பை அப்படியே தரும். நடுவே எதையும் கணக்கிடாது. A2 முதல் A14 வரை கம்பி விழுக்காடும், B2 முதல் B14 வரை வலிமையும், D2இல் நமது விழுக்காடும் இருந்தால், D3, D4, D5 கட்டங்களில் முறையே இப்படி எழுதலாம்:

```
=MAX(A2,MIN(D2,A14))
=MIN(MATCH(D3,A2:A14,1),12)
=INDEX(B2:B14,D4)+(D3-INDEX(A2:A14,D4))*(INDEX(B2:B14,D4+1)-INDEX(B2:B14,D4))/(INDEX(A2:A14,D4+1)-INDEX(A2:A14,D4))
```

முதல் வரி எண்ணை அட்டவணையின் எல்லைக்குள் நிறுத்துகிறது. இரண்டாவது, கீழ் வரிசை எதுவென்று தேடுகிறது. பதின்மூன்று வரிசைகள் என்பதால், கடைசி வரிசைக்குப் பின் இல்லாத ஒன்றைத் தேடாமலிருக்க 12இல் நிறுத்துகிறது. மூன்றாவது, மேலே கையால் போட்ட அதே கணக்கு. விழுக்காடுகள் ஏறுவரிசையில் இருந்தால்தான் MATCH சரியாகத் தேடும்.

சிலர் சுருக்கமாக முடிக்க FORECAST சார்புக்கு முழு அட்டவணையையும் கொடுத்துவிடுகிறார்கள். அது பதின்மூன்று புள்ளிகளுக்கும் பொதுவான ஒரே சராசரிக் கோட்டை இழுக்கும். 0.655க்கு அது 0.50 என்று சொல்வதால் சந்தேகம் எழாது. ஆனால் 0.15 விழுக்காட்டுக்கு 0.41 என்று சொல்லும். அச்சிட்ட மதிப்போ 0.28. இத்தகைய பிழையைப் பிடிக்க எளிய சோதனை உண்டு: அட்டவணையில் அச்சிட்டிருக்கும் விழுக்காடுகளையே ஒவ்வொன்றாக D2இல் இட்டுப் பார்க்க வேண்டும். அச்சிட்ட வலிமை அப்படியே திரும்பி வராவிட்டால் சூத்திரம் தவறு.

கட்டண அட்டவணைகளுக்கு இந்த முறையைக் கொண்டுபோகுமுன் அவை எந்த வகை என்று பார்க்க வேண்டும். தபால் கட்டணம் 20 கிராமுக்கு ஒரு படி என்று ஏறினால், 25 கிராம் கடிதத்துக்கு 40 கிராமின் கட்டணம்தான்; நடுவே எதுவும் கிடையாது. அங்கே வரிசைகளுக்கு இடையில் மதிப்பு படிப்படியாக மாறுவதில்லை, ஒரே தாவலாகத் தாவுகிறது. நிரல் 'வரை', 'அதற்கு மேல் ஒவ்வொரு' என்ற சொற்களோடு எழுதப்பட்டிருந்தால் அது படிக்கட்டு வகை. அதை எழுதியபடியே படிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு ஒரு குறிப்பிட்ட மதிப்பு என்று மட்டும் எழுதியிருந்து, அளவோடு மதிப்பும் தொடர்ச்சியாக மாறும் என்பது தெரிந்திருந்தால்தான் இடைச்செருகலுக்கு அங்கே இடம் உண்டு.