ஒரு மூட்டைக்கு எத்தனை கல்?

சாலிட் பிளாக் பட்டறை போடுகிறவர்கள் மூலப்பொருள் கணக்கில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கல்லின் கன அளவை எடுத்து, கலவை விகிதப்படி நேராகப் பங்கு பிரித்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் அதிகம் விற்கும் ஆறங்குலக் கல்லையே எடுத்துக்கொள்வோம். 400 மி.மீ. நீளம், 200 உயரம், 150 அகலம். ஒரு கல் 12 லிட்டர். ஆயிரம் கல்லுக்கு 424 கன அடி. கலவை 1:3:6, அதாவது ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு எம்.சாண்ட், ஆறு பங்கு 6 மி.மீ. சிப்ஸ் ஜல்லி. 424-ஐப் பத்தாகப் பிரித்தால் சிமென்ட் 34 மூட்டை என்று வரும். அந்தக் கணக்கை நம்பிச் சரக்கு இறக்கினால் மதியத்துக்கு மேல் மெஷின் நின்றுவிடும்.

குவித்துக் கிடக்கும் ஜல்லியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெற்றிடம்தான் இருக்கிறது. மணல் அந்த இடுக்கில் இறங்குகிறது, சிமென்ட் மணலின் இடுக்கில் இறங்குகிறது, மெஷினின் அதிர்வு எல்லாவற்றையும் இறுக்குகிறது. ஆகவே கன அளவை விட்டுவிட்டு எடையைப் பிடிப்பதே நல்லது.

ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ, அளவில் ஒன்றேகால் கன அடி. அதற்கு மணல் மூன்றே முக்கால் கன அடி, சிப்ஸ் ஏழரை கன அடி. தண்ணீரும் சேர்ந்தால் கலவை மொத்தம் சுமார் 535 கிலோ. நன்றாக இறுகிய ஈரக் கல் ஒன்று 25 கிலோ இருக்கும். மூட்டைக்கு 21 கல்.

இனி மெஷின். ஒரு தடவைக்கு நான்கு கல் இறக்கும் மெஷின், ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றரை நிமிடம் எடுத்தால், 250 தடவைக்கு ஆறேகால் மணி நேரம். கலவைக்குக் காத்திருப்பது, அச்சைத் துடைப்பது, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஒரு நாளுக்கு ஆயிரம் கல் என்பது நியாயமான கணக்கு. அதற்கு 48 மூட்டை சிமென்ட், 180 கன அடி மணல், 360 கன அடி சிப்ஸ். உடைசல், சிந்தலுக்கு இருபதில் ஒரு பங்கு கூட்டினால் 50 மூட்டை. மணல் இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, ஜல்லி நான்கு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு.

மணல் கணக்கில் இன்னொரு பொறி ஈரம். நனைந்த மணல் உப்பி நிற்கும். பெட்டியால் அளந்தால் பெட்டி நிறையும், மணல் குறையும். ஒரு வாளியில் மணலை அமுக்காமல் 30 செ.மீ. உயரத்துக்குப் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் விட்டுக் கிளறி அடங்கவிடுங்கள். 25 செ.மீ.க்கு இறங்கினால் ஐந்துக்கு ஒன்று உப்பல். அன்றைக்கு மூன்றே முக்கால் கன அடிக்குப் பதில் நாலரை கன அடி போட வேண்டும். மணலில் ஏற்கெனவே தண்ணீர் இருப்பதால், மிக்ஸரில் ஊற்றும் தண்ணீரை அந்த அளவுக்குக் குறைக்கவும் வேண்டும்.

உங்கள் சரக்கின் எடை நான் சொன்னதிலிருந்து கொஞ்சம் மாறும். முதல் நாள் ஒரே ஒரு மூட்டைக்குக் கலவை போட்டு, விழும் கல்லை எண்ணி, இரண்டு மூன்றை எடை போடுங்கள். 24, 25 கல் விழுந்தால் லாபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கல் 22 கிலோவுக்கு இறங்கியிருந்தால், அச்சு நிறையவில்லை, அல்லது அதிர்வு போதவில்லை, அல்லது கலவை வறண்டிருக்கிறது. அந்தக் கல்லின் விளிம்பை விரலால் தேய்த்தாலே உதிரும்.