தட்டையான பின்தலைக்கு வளைவு தரும் முடிவெட்டு

கண்ணாடிமுன் நேராக நிற்கும்போது தெரியாது. கல்யாண ஆல்பத்தில் பக்கவாட்டுப் படம் ஒன்றைப் பார்க்கும்போதுதான் பலருக்கும் தங்கள் பின்தலை தட்டை என்பது உறைக்கிறது. உச்சியிலிருந்து பிடரிக்கு வளைந்து இறங்க வேண்டிய கோடு, சுவர்போல நேராக இறங்கியிருக்கும். சிலருக்கு அது பிறவி அமைப்பு. சிலருக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் ஒரே நிலையில் படுத்திருந்ததால் வந்தது. வளர்ந்தபின் எலும்பு மாறாது. ஆனால் அதன்மேல் படியும் முடியின் வெளிக்கோட்டைக் கத்தரியால் மாற்றிவிடலாம்.

இதற்குப் புகழ்பெற்ற முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1963-இல் முடிதிருத்தக் கலைஞர் விடால் சசூன், நடிகை நான்சி குவானின் நீண்ட கூந்தலைக் குட்டையான பாப் ஆக வெட்டினார். டெரன்ஸ் டோனவன் எடுத்த புகைப்படங்கள் அந்த வெட்டை உலகறியச் செய்தன. பிடரியில் குட்டையாகத் தொடங்கி, தாடையை நோக்கி நீண்டுவரும் வெட்டு அது. பிடரியில் முடியை இப்படிப் படிப்படியாக ஏற்றும் முறைக்குத் தொழிலில் 'கிராஜுவேஷன்' என்று பெயர்.

முடியைத் தலையோடு ஒட்டித் தொங்கவிட்டு வெட்டினால் நுனிகளெல்லாம் ஒரே கோட்டில் விழும்; கனம் முழுக்க அடியில் சேரும். அதையே தலையிலிருந்து சுமார் 45 டிகிரி தூக்கிப் பிடித்து வெட்டினால் கதை வேறு. கீழடுக்கு குட்டையாகவும் மேலடுக்கு சற்று நீளமாகவும் அமையும். குட்டை முடி அடியில் நின்று தாங்குவதால் மேல்முடி வெளியே தள்ளி நிற்கும். அப்படி மிக அதிகமாகத் தள்ளி நிற்கும் மட்டத்தை 'வெயிட் லைன்' என்பார்கள். அதை எந்த உயரத்தில் வைப்பது என்பதில்தான் இந்த வெட்டின் வெற்றி இருக்கிறது.

கழுத்துவரை நேர்முடி உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அடர்த்தி நடுத்தரம், பின்தலை தட்டை. நனைக்கும் முன்பே பக்கவாட்டில் நின்று பார்த்து, பின்மண்டையை விரலால் தடவி, தட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுகொள்ள வேண்டும். பிடரியின் கீழ்முடியை மூன்று சென்டிமீட்டர் அளவுக்குக் குறைத்து, கழுத்தோடு படியவிடுவது முதல் வேலை. கழுத்து ஒடுங்கினால்தான் அதற்குமேல் உள்ள பகுதி புடைப்பாகத் தெரியும். பிறகு விரல் அகலத்துக்குப் பகுதி பிரித்து, ஒவ்வொன்றையும் 45 டிகிரியில் தூக்கி வெட்டியபடி காதின் மேல்விளிம்பு மட்டம்வரை ஏற வேண்டும். வெயிட் லைன் அங்கே அமையட்டும். அதைவிடத் தாழ்ந்தால் கனம் கழுத்தருகே தொங்கி, தட்டை இன்னும் நீண்டு தெரியும்.

அடுத்தது உச்சி. இங்கே முடியைத் தலைக்குச் செங்குத்தாக நிறுத்தி லேயர் வெட்ட வேண்டும். ஆனால் வெயிட் லைனை எட்டி விழும் அளவுக்கு நீளம் விட்டுவைப்பது அவசியம். இவருக்குப் பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர் போதும். நீளம் மிஞ்சினால் முடி தன் பாரத்தாலேயே படிந்துவிடும். ரொம்பக் குறைத்தால் சுழி இருக்கும் இடத்தில் குச்சி குச்சியாக எழும்பும், மண்டைத் தோலும் தெரியும்.

வேலை கெடுவது பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்தில். புடைப்பு அதிகமாகப் பட்டதும் தின்னிங் கத்தரியை எடுத்து வெயிட் லைனிலேயே ஓட்டிவிடுவார்கள். தாங்கி நின்ற குட்டை முடி போய்விடும், பள்ளம் விழும். காய்ந்தபின் அந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். முடி மீண்டு எழும்பினால் வெட்டு சரி. அழுத்தியபடியே படிந்து கிடந்தால் தாங்கல் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆண்களுக்கும் கணக்கு இதுவே. மெஷினை மேலே ஏற்றி 'ஹை ஃபேட்' போட்டால் தட்டை அப்பட்டமாகத் தெரியும். மெஷின் பிடரியோடு நிற்கட்டும். தட்டையான பகுதியில் சீப்பு வைத்துக் கத்தரியால் வெட்டி, முடியை அடர்த்தியாக விட்டுவைக்க வேண்டும்.

எல்லோருக்கும் இது கைகொடுக்காது. இடுப்புவரை தொங்கும் கூந்தலில் பாரமே வளைவை இழுத்துவிடும். உச்சியில் முடி மெலிந்தவர்களுக்கு அடுக்க முடி போதாது. மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் முடி வளர்வதால் வெயிட் லைனும் மெல்லக் கீழிறங்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை திருத்தியாக வேண்டும்.

அடுத்த முறை பார்லருக்கோ சலூனுக்கோ போகும்போது உங்கள் பக்கவாட்டுப் படம் ஒன்றைக் காட்டுங்கள். "பிடரி ஒட்ட இருக்கட்டும், காது மட்டத்துக்குமேல் கனம் வேண்டும், அங்கே தின்னிங் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.