மலைப்பாதையில் குழந்தைக்கு வாந்தி: எந்த மருந்து, எந்த வயதில், எவ்வளவு

பயணத்தில் வரும் வாந்தி வயிற்றில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. உட்செவியில் உடலின் சமநிலையை உணரும் உறுப்பு இருக்கிறது. வண்டி வளைந்து ஏறும்போது உடல் ஆடுகிறது என்று அது மூளைக்குச் சொல்கிறது. பின் இருக்கையில் குனிந்து கைபேசியைப் பார்க்கும் குழந்தையின் கண்ணோ, எதிரே எதுவும் அசையவில்லை என்கிறது. ஒன்றுக்கொன்று பொருந்தாத இந்த இரண்டு செய்திகள் தொடர்ந்து வரும்போது மூளை குமட்டலைத் தூண்டிவிடுகிறது. முகம் வெளுப்பது, கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கடைசியில் வாந்தி வருகிறது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை மிக அரிது. அதன் பிறகு மெல்லக் கூடி, ஒன்பது, பத்து வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், பதின்பருவத்தில் பலருக்குத் தணிந்துவிடும். ஆகவே கைக்குழந்தை பயணத்தில் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், அது பயண வாந்தியாக இருக்கும் வாய்ப்பு குறைவு. காய்ச்சல், தொற்று, வயிற்றுக் கோளாறு என்று வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

காரணம் காதிலும் மூளையிலும் இருப்பதால்தான், வீட்டில் இருக்கும் வழக்கமான வாந்தி மருந்து இங்கே பெரும்பாலும் பயன்படுவதில்லை. வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆன்டன்செட்ரான் சிரப் பல வீடுகளில் பாதி பாட்டிலாக இருக்கும். குடலிலிருந்து செரட்டோனின் வழியாக எழும் வாந்தித் தூண்டலைத் தடுப்பது அதன் வேலை. பயண வாந்திக்கான செய்தி ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்ற வேறு இரண்டு வேதிப்பொருள்களின் வழியாகப் போகிறது. ஆன்டன்செட்ரான் அந்த வழியைத் தொடுவதில்லை. டோம்பெரிடோனும் அப்படித்தான். புறப்படுமுன் இவற்றில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மருந்து கொடுத்தும் நிற்கவில்லையே என்று மறுபடி ஊற்றுவது பயனற்றது, ஆபத்தும்கூட.

பலன் தருவது பழைய தலைமுறை அலர்ஜி மருந்துகள். இதைக் கண்டறிந்ததே தற்செயல்தான். 1947-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தோல் தடிப்புக்காக ஒரு கர்ப்பிணிக்குப் புதிய மருந்து ஒன்று கொடுக்கப்பட்டது. டிராம் வண்டியில் ஏறினாலே குமட்டும் அந்தப் பெண்ணுக்கு, மருந்து சாப்பிட்ட நாட்களில் குமட்டல் வரவில்லை. அந்த மருந்துதான் டைமென்ஹைட்ரினேட். அது மூளைக்குள் புகுந்து ஹிஸ்டமினையும் அசிட்டைல்கோலினையும் தடுக்கிறது, தூக்கம் வருவதும் அதனால்தான். செட்ரிசின், ஃபெக்சோஃபெனடின் போன்ற புதிய அலர்ஜி மருந்துகள் மூளைக்குள் அதிகம் நுழையாதபடி உருவாக்கப்பட்டவை. தூக்கம் குறைவு என்பதற்காக அவற்றைக் கொடுத்தால் பயண வாந்தி நிற்காது.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது டைமென்ஹைட்ரினேட், புரோமெத்தசின் ஆகிய இரண்டும்தான். டைமென்ஹைட்ரினேட்டை இரண்டு வயதுக்கு மேல் கொடுக்கலாம். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஒரு வேளைக்கு 12.5 முதல் 25 மில்லிகிராம், ஒரு நாளில் 75-ஐத் தாண்டக் கூடாது. ஆறிலிருந்து பதினொரு வயது வரை ஒரு வேளைக்கு 25 முதல் 50 மில்லிகிராம், ஒரு நாளில் 150 வரை. இரண்டு வேளைகளுக்கு இடையே ஆறு முதல் எட்டு மணி நேரம் விட வேண்டும். முதல் முறை கொடுக்கும்போது குறைந்த அளவில் தொடங்குவதே நல்லது.

புரோமெத்தசின் இரண்டு உப்புகளாக விற்பனைக்கு வருகிறது, குழப்பம் வருவதும் இங்கேதான். ஃபெனெர்கன் சிரப்பில் இருப்பது ஹைட்ரோகுளோரைடு. அதில் 5 மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் மருந்து உண்டு. பயண வாந்திக்கு இரண்டிலிருந்து நான்கு வயது வரை 5 மில்லிகிராமும், ஐந்திலிருந்து ஒன்பது வயது வரை 10 மில்லிகிராமும் ஒரு வேளை அளவு. அவோமின் மாத்திரையில் இருப்பது தியோகிளேட் உப்பு, ஒரு மாத்திரை 25 மில்லிகிராம். ஐந்து வயதுக்குக் கீழே அது வேண்டாம். ஐந்திலிருந்து ஒன்பது வரை அரை மாத்திரை, பத்து வயதுக்கு மேல் ஒரு மாத்திரை. முந்தைய இரவு படுக்கும்போதோ, புறப்படுவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்போ கொடுப்பார்கள்.

இரண்டு வயது என்ற எல்லையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே புரோமெத்தசின் கொடுக்கப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு மூச்சு மெல்ல மெல்ல மங்கி நின்று, உயிரே போயிருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் இந்த மருந்தின் உறையில் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்த்து, அந்த வயதில் இதைத் தரவே கூடாது என்றது. எடைக்கேற்றபடி கணக்கிட்டதில் குறைந்த அளவு, கூடிய அளவு என்று பல அளவுகளிலும் இப்படி நடந்திருந்தது. ஆகவே ‘பெரிய பிள்ளைக்குக் கொடுப்பதில் கால்வாசிதானே’ என்று ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஊற்றுவது பாதுகாப்பாகிவிடாது. அளவைக் குறைத்து அந்த ஆபத்தைத் தவிர்க்க முடியாது. நீண்ட பயணத்தில் குழந்தை தூங்கிப்போகட்டும் என்பதற்காகக் கொடுப்பதும் இதே தவறுதான்.

சின்னரிசின் என்னும் மருந்தும் உண்டு, ஸ்டுஜெரான் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்தது. பிரிட்டனில் ஐந்து முதல் பதினொரு வயது வரையிலான குழந்தைக்குப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன் 15 மில்லிகிராம், பிறகு தேவைப்பட்டால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 7.5 என்பது அளவு. அங்கே மாத்திரையே 15 மில்லிகிராமில் கிடைக்கிறது. இந்தியாவில் கிடைப்பது 25, ‘ஃபோர்ட்’ என்று எழுதியிருந்தால் 75. குழந்தைக்கு வேண்டிய அளவைப் போல ஐந்து மடங்கு அந்த ஒரு மாத்திரையில் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் பெரியவர்களுக்கு வாங்கியதை உடைத்துக் கொடுத்துவிடக் கூடாது. மெக்லிசின் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. வெளிநாட்டு உறவினர்கள் கொண்டுவரும், காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை குழந்தைகளுக்கானதே அல்ல, அதை வெட்டியும் ஒட்டக் கூடாது.

எந்த மருந்தானாலும் வாந்தி தொடங்குமுன் உள்ளே போயிருக்க வேண்டும். குமட்டல் வந்ததும் இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடும். அப்போது விழுங்கிய மருந்து குடலை எட்டாமல் அங்கேயே தங்கும், அல்லது வெளியே வந்துவிடும். எவ்வளவு வெளியே வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கொடுத்த மருந்தைக் குழந்தை வாந்தி எடுத்துவிட்டால் உத்தேசமாக இன்னொரு வேளை கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

கோவையிலிருந்து வால்பாறைக்குக் காரில் போகும் ஏழு வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். எடை 20 கிலோ. பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு வரை சமதளம், அதன் பிறகு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் ஏறத்தாழ எட்டு மணிக்கு வளைவுகள் தொடங்கும். புறப்படுவதற்கு முக்கால் மணி முன், 5.15-க்கு டைமென்ஹைட்ரினேட் 25 மில்லிகிராம் கொடுக்கலாம், அதாவது 50 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. கிலோவுக்கு 1.25 மில்லிகிராம் என்று எடைக்கணக்கில் பார்த்தாலும் 20 கிலோவுக்கு 25-தான் வருகிறது. இதன் வேலை நான்கு முதல் ஆறு மணி நேரம் நீடிப்பதால் ஏற்றம் முழுவதையும் தாண்டிவிடும். மாலை நான்கு மணிக்கு இறங்குவதாக இருந்தால் மூன்று மணிக்கு இன்னொரு பாதி. இடைவெளி எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, அன்றைய மொத்தம் 50, உச்ச அளவான 150-க்கு வெகு கீழே.

இதே பிள்ளைக்கு ஃபெனெர்கன் சிரப் என்றால் 10 மில்லிகிராம், அதாவது 10 மில்லிலிட்டர். கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்ற கணக்கும் இதையேதான் தருகிறது. ஆனால் புரோமெத்தசின் அதிக நேரம் உடலில் தங்கும், அடுத்த வேளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காலை ஐந்து மணிக்குக் கொடுத்தது மாலை ஐந்து வரை கணக்கில் இருப்பதால், நான்கு மணி இறக்கத்துக்கு முன் இன்னொரு வேளை கிடையாது. ஒரே நாளில் திரும்பும் பயணத்துக்கு டைமென்ஹைட்ரினேட் வசதியாக இருப்பது இதனால்தான். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்று இரண்டையும் கலக்கக் கூடாது.

சிரப்பை அளக்கச் சமையலறைக் கரண்டி உதவாது. அளவுக்கோடு போட்ட மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ வேண்டும். ஒரே மருந்து வெவ்வேறு நிறுவனங்களில் வெவ்வேறு அடர்த்தியில் வரலாம் என்பதால், ‘5 மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம்’ என்ற வரியைப் பாட்டிலில் படித்த பிறகே அளக்க வேண்டும்.

சில குழந்தைகளுக்கு இந்த மருந்து தூக்கத்துக்குப் பதிலாகப் பரபரப்பைத் தரும். அழுகை, துள்ளல், தூங்காமை என்று நடுவழியில் அது தெரியவருவதைவிட, மருத்துவரைக் கேட்டு முன்னதாக ஒரு விடுமுறை நாளில் வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது மேல். சளி, இருமல் சிரப்புகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமின் போன்ற இதே வகை மருந்து இருக்கிறது. அதைக் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு இதையும் கொடுத்தால் அளவு இரட்டிப்பானது போல ஆகிவிடும். ஆஸ்துமா, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு தடைபடுதல், வலிப்பு நோய் இவற்றில் ஏதேனும் உள்ள குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் இவை எதையும் கொடுக்கக் கூடாது.

மருந்து கொடுத்த பிள்ளை தூங்குவது இயல்பு, ஆனால் தட்டி எழுப்பினால் விழிக்க வேண்டும். எழுப்பியும் விழிக்காதது, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருவது, உதடு நீலமாவது ஆகியவை அபாயக் குறிகள். தோல் சிவந்து சுடுவது, கண்ணின் பாப்பா பெரிதாக விரிவது, வாய் வறண்டு சிறுநீர் வராமல் இருப்பது, இல்லாததை இருப்பதாகச் சொல்லிப் பிதற்றுவது, வலிப்பு ஆகியவை அளவு மீறியதைக் காட்டுகின்றன. புரோமெத்தசின் கொடுத்த பிள்ளையின் கழுத்து ஒருபக்கம் முறுக்கிக்கொண்டாலோ, கண் மேலே செருகி நின்றாலோ, அது வலிப்பு போலத் தோன்றினாலும் மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம், மருத்துவமனையில் ஊசி போட்டால் சரியாகிவிடும். இவற்றில் எதைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்தி, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மருத்துவர் முதலில் கேட்பார். அட்டையையோ பாட்டிலையோ கையோடு எடுத்துப் போக வேண்டும்.