உர்ரென்று முனகும் மின்விசிறி

ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தும் விசிறி மெதுவாகச் சுற்றுகிறதா? அல்லது நின்ற இடத்திலேயே உர்ரென்கிறதா? ஸ்விட்சை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் தள்ளிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பேரிங் கோளாறு. லேசாகச் சுழன்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். மோட்டாரின் இரண்டாவது சுருளுக்கு மின்னோட்டத்தைச் சற்று முன்னதாகக் கொடுத்து, சுழலும் விசையை உண்டாக்குவது அதுதான். பழசானால் அதன் கொள்ளளவு குறையும்; 2.5 மைக்ரோஃபாரட் ஒன்றரைக்கு இறங்கினால் வேகமும் குறையும்.

மாற்றும்முன் மெயினை அணையுங்கள். ஸ்விட்ச் மட்டும் போதாது, சில வீடுகளில் அது நியூட்ரலில் இருக்கும். டெஸ்டரால் சோதித்து, பழைய கெப்பாசிட்டரின் இரு முனைகளையும் பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரால் ஒருசேரத் தொட்டு மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் பார்த்து வாங்குங்கள். கருகிய வாடையோ, வெடித்த ஒயரோ, ஆடும் ஏணியோ இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.