பழைய கார் விற்பவரை எடைபோடுவது எப்படி?

பழைய கார் விற்கும் வியாபாரியின் தரம் மூன்று இடங்களில் தெரியும்: வண்டியின் நிலையைச் சொல்லும் விதம், பெயர் மாற்றம், விற்றபின் தரும் உதவி.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்ப முடியாது. அதைக் குறைத்து வைப்பது எளிது. 2017-இல் பதிவான ஒரு காரின் மீட்டர் 42,000 காட்டுகிறது என்று கொள்வோம். கம்பெனி சர்வீஸ் சென்டரின் பதிவில் 2022-லேயே 68,000 என்றிருந்தால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பிரேக் மிதியின் ரப்பரும் ஸ்டியரிங்கும் தேய்ந்திருப்பதும் அதையே சொல்லும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் தரைவிரிப்புக்கு அடியில் வண்டல் இருக்கும். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் கடைசிப் பகுதியில் சேற்றுக்கறை தெரியும். சர்வீஸ் பதிவைக் கேட்குமுன் எடுத்துக் காட்டி, வாங்குபவரின் மெக்கானிக்கைத் தடையின்றிப் பார்க்கவிடுபவரே நேர்மையான வியாபாரி.

அதிகச் சிக்கல் காகிதத்தில்தான். பழைய உரிமையாளரிடம் வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, ஆர்.சி.யில் பெயர் மாற்றாமலே வண்டியைக் கைமாற்றுவது பல இடங்களில் வழக்கம். சட்டப்படி விற்பவர் படிவம் 29-உம் வாங்குபவர் படிவம் 30-உம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தர வேண்டும். கடன் இருந்த வண்டிக்கு வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் சேர வேண்டும். பல கை மாறியும் ஆர்.சி.யில் பெயர் மாறாத ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவில் இருந்த பழைய உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. வாங்கியவருக்கும் இழப்பு உண்டு: இன்சூரன்ஸ் தம் பெயருக்கு மாறாதவரை, வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் கேட்டால் நிறுவனம் மறுக்கலாம்.

இதைச் சரிசெய்ய 2023 ஏப்ரல் 1 முதல் புது விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்படி வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும்; வண்டி அவர் கைக்கு வந்ததும் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும். அதன்பின் அந்த வண்டிக்கு அவரே பொறுப்பாளி; பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆகவே அங்கீகாரச் சான்றையும் 29சி ஒப்புகையையும் கேட்டுப் பார்த்தாலே வியாபாரியின் ஒழுங்கு புரிந்துவிடும். பழைய இ-சலான் பாக்கியை யார் கட்டுவது என்பதையும் அப்போதே எழுதி வாங்க வேண்டும்.

விற்றபின் உதவி என்பது வாய்ப்பேச்சாக இருந்தால் பயனில்லை. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் எத்தனை மாதம் பொறுப்பு, கிளட்ச், பேட்டரி போன்ற தேயும் பாகங்கள் அதில் சேருமா, பழுதானால் செலவு யாருடையது என்பவை ரசீதிலேயே இருக்க வேண்டும். பெயர் மாறிய ஆர்.சி. கைக்கு வரும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க ஒப்புக்கொள்ளும் வியாபாரி, தம் வேலையை முடித்துத் தருவார் என்று நம்பலாம்.