கிரிப்பே ஊசிக்குள் முட்டை இருக்கிறதா?

இலையுதிர்காலம் பிறந்தால் டுசல்டோர்ஃப் குடும்ப வைத்தியர்களிடம் கிரிப்பே ஊசிக்கு வரிசை தொடங்கிவிடும். மரக்கறி மட்டும் உண்ணும் எங்கள் முதியவர்கள் சிலர், "அது முட்டையிலே செய்ததாம், வேண்டாம் பிள்ளை" என்று பின்வாங்குகிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மையல்ல.

பழைய முறையில், பத்துப் பதினொரு நாள் அடைகாத்த முட்டைக்குள் கிருமியைச் செலுத்துவார்கள். இரண்டு மூன்று நாளில் அது முட்டையின் திரவத்தில் பெருகிவிடும். பின்னர் அத்திரவத்தை எடுத்து, கிருமியை இரசாயனத்தால் கொன்று, உடைத்துச் சுத்திகரிப்பார்கள். ஊசியில் எஞ்சும் முட்டைப் புரதம் ஒரு மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இலேசான முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் இதைப் போட்டுக்கொள்ளலாம். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

முட்டையின் மெய்யான குறை வேறு. கோழியின் உடலுக்கு ஏற்பக் கிருமி தன்னைச் சிறிது மாற்றிக்கொள்கிறது. 2016-17 குளிர்காலத்தில் பரவிய எச்3என்2 கிருமியின் மேற்புரதத்தில் ஓரிடத்தில் சர்க்கரை மூலக்கூறு ஒன்று ஒட்டியிருந்தது. முட்டையில் வளர்த்த ஊசிக் கிருமியிலோ அது இல்லை. அந்த ஊசியால் உண்டான எதிர்ப்புச் சக்தி, வெளியே பரவிய கிருமியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள்.

இக்குறையைத் தவிர்க்கவே கல முறை. 1958இல் ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து பெற்ற கலங்களின் வழித்தோன்றல்களை உருக்குத் தொட்டிகளில் வளர்த்து, அவற்றில் கிருமியைப் பெருக்குகிறார்கள். ஐரோப்பா இதை 2007இல் அனுமதித்தது. இன்று இது ஃப்ளுசெல்வாக்ஸ் என்ற பெயரில் வருகிறது, முட்டை இல்லை. ஆனால் ஆதாரம் விலங்கின் கலம்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எம்ஆர்என்ஏ முறையில் கிருமியை வளர்ப்பதே கிடையாது. மேற்புரதத்தைச் செய்யும் கட்டளையை நொதிகளால் எழுதி, நுண்ணிய கொழுப்புத் துகள்களில் பொதிந்து தருவார்கள். முட்டையோ கிருமியோ அதில் இல்லை. 2025இல் வெளிவந்த ஒரு பெரிய பரிசோதனையில், 18 முதல் 64 வயதினரிடம் வழமையான ஊசியைவிட இது கூடுதலாகக் காத்தது. ஆனால் கைவலியும் காய்ச்சலும் அதிகம். பி வகைக்கு எதிரான எதிர்ப்புச் சக்தியும் குறைவு.

இனி அம்மம்மாவின் விடயம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஜேர்மன் தடுப்பூசிக் குழுவான ஸ்டிக்கோ 2021 முதல் வீரியம் கூட்டிய ஊசியையே சொல்லிவந்தது. 2024இல் துணைமருந்து சேர்த்த ஃப்ளூவாட்டையும் சேர்த்தது. இரண்டுமே முட்டையில் விளைந்தவை. ஃப்ளூவாட்டின் துணைமருந்தில் சுறா ஈரலெண்ணெய்ப் பொருளும் உண்டு. முட்டையில்லாததே வேண்டுமென்றால் கல ஊசியைக் கேட்கலாம். ஆனால் முதுமையில் மந்தமாகும் எதிர்ப்புச் சக்தியைத் தூண்ட அதில் தனி ஏற்பாடு இல்லை. வைத்தியரிடம் இந்த இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். மருந்தகத்தில் சொல்லி எடுப்பிக்கச் சில நாளாகலாம்.